விட்ட இடத்திலிருந்து ஆட்டம்: ஃபோன், டேப்லெட், லேப்டாப் மூன்றிலும் சேவ் ஃபைலைக் கொண்டுபோகும் வழி

அடிக்கடி பயணம் போகிற பலரின் பையில் ஓர் ஆண்ட்ராய்டு ஃபோன், ஓர் ஐபேட், ஒரு விண்டோஸ் லேப்டாப் இருக்கும். மூன்றும் மூன்று நிறுவனங்களின் உலகம். கடையில் ஒரு கேமின் பக்கத்தில் ‘கிளவுட் சேவ் உண்டு’ என்று போட்டிருந்தால் மூன்றிலும் தொடரலாம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. சேவ் ஃபைல் மேகத்துக்குப் போகிறதா என்பதோடு, எந்த மேகத்துக்குப் போகிறது என்பதையும் கேட்க வேண்டும். அதற்கு விடை தெரிந்துவிட்டால் மீதி வேலை சுலபம்.

கேம் தேர்ந்தெடுப்பதில் தொடங்கி, இரண்டு சேவ் ஃபைல் மோதிக்கொண்டால் எதை வைத்துக்கொள்வது என்பது வரை வரிசையாகப் பார்ப்போம். கேம்களின் பட்டியல் இங்கே நீளமாக இருக்காது. பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும், முறை மாறாது.

முதல் படி: உங்கள் கருவிகள் எந்த மேகத்தில் சேர்கின்றன?

பொதுவாகப் புழங்கும் மேகங்கள் மூன்று. ஆப்பிளின் ஐகிளவுட், கூகுளின் பிளே கேம்ஸ், கணினியில் ஸ்டீம் கிளவுட். இவை ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. ஐகிளவுடில் ஏறிய சேவ் ஃபைல் ஆண்ட்ராய்டு ஃபோனில் இறங்காது. பிளே கேம்ஸில் ஏறியது ஐபேடுக்கு வராது. ஸ்டீமில் ஏறியது ஸ்டீம் இருக்கும் கணினிகளுக்குள்தான் சுற்றும்.

ஆகவே கருவிகள் மூன்றும் ஒரே குடும்பமாக இருந்தால் கவலை குறைவு. ஐஃபோன், ஐபேட், மேக் வைத்திருப்பவருக்கு, ஐகிளவுடை ஆதரிக்கும் ஒரு கேம் மூன்றிலும் தொடரும். ஆண்ட்ராய்டு ஃபோன், ஆண்ட்ராய்டு டேப்லெட், விண்டோஸ் லேப்டாப் என்றாலும் வழி இருக்கிறது. கணினிக்கான கூகுள் பிளே கேம்ஸ் என்ற மென்பொருளை நிறுவினால், அது ஆதரிக்கும் ஆண்ட்ராய்டு கேம்களை அதே கூகுள் கணக்கில் லேப்டாப்பிலும் ஆடலாம். அதற்கு லேப்டாப்பில் எஸ்எஸ்டி இருக்க வேண்டும், விர்ச்சுவலைசேஷன் வசதியும் இயக்கத்தில் இருக்க வேண்டும்.

இங்கே பலரும் கவனிக்காத ஒரு பொறி உண்டு. ஒரே மேக் கணினியில் ஒரே கேமை ஆப் ஸ்டோரிலும் வாங்கலாம், ஸ்டீமிலும் வாங்கலாம். ஐபேடோடு தொடர வேண்டுமென்று நினைத்து ஸ்டீமில் வாங்கினால், சேவ் ஃபைல் ஸ்டீம் கிளவுடுக்குப் போய்விடும். ஐபேடில் இருக்கும் கேம் ஐகிளவுடைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கேமை எந்தக் கடையில் வாங்குகிறீர்கள் என்பதே மேகத்தை முடிவுசெய்கிறது. தள்ளுபடியைப் பார்த்து அவசரப்பட வேண்டாம்.

முதலில் சொன்ன ஆண்ட்ராய்டு, ஐபேட், விண்டோஸ் கலவை உங்களுடையது என்றால், கேமே சொந்தமாக ஒரு கணக்கு வைத்திருப்பதுதான் மூன்றையும் இணைக்கும் நேரான வழி. சேவ் ஃபைல் அந்தக் கேமை நடத்துபவரின் சர்வரில் இருக்கும். நீங்கள் எதிலிருந்து நுழைந்தாலும் அதே இடத்துக்கு வருவீர்கள்.

இரண்டாம் படி: சொந்தக் கணக்குள்ள கேம்கள், அவற்றின் இரண்டு பொறிகள்

கென்ஷின் இம்பாக்ட், ஹார்த்ஸ்டோன், ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் மூன்றும் இந்த வகையில் நல்ல எடுத்துக்காட்டுகள். மூன்றையும் ஃபோன், டேப்லெட், கணினியில் ஒரே கணக்கில் ஆடலாம். ஆட்டம் நடப்பதே சர்வரில் என்பதால் ‘சேவ்’ என்ற பொத்தானே கிடையாது. ஃபோனில் ஒரு சண்டையை முடித்துவிட்டு மூடினால், லேப்டாப்பில் திறக்கும்போது அந்தச் சண்டை முடிந்தே இருக்கும். மோதல், பழைய கோப்பு, புதிய கோப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. பதிலுக்கு, இணையம் இல்லையென்றால் ஆட்டமும் இல்லை. விமானத்துக்கு இவை உதவாது. விடுதி அறை, ரயில் நிலையம், காத்திருப்புக் கூடம் ஆகியவற்றுக்கு இவற்றை விடச் சிறந்தவை கிடையாது.

முதல் பொறி, சர்வர் மண்டலம். கென்ஷினில் அமெரிக்கா, ஐரோப்பா, ஆசியா, தைவான்–ஹாங்காங்–மக்காவ் என்று நான்கு சர்வர்கள். ஒவ்வொன்றிலும் உங்கள் ஆட்டம் தனித்தனி. ஹார்த்ஸ்டோனிலும் அட்டைச் சேகரிப்பு மண்டலவாரியாகத் தனித்தனியாகவே இருக்கும். நாடு மாறியதும் பக்கத்தில் இருக்கும் சர்வரைத் தேர்ந்தெடுத்தால் வேகமாக இருக்குமே என்று தோன்றும். தேர்ந்தெடுத்துப் பார்த்தால் முதல் லெவல் பாத்திரம் கண் முன் நிற்கும். பதற வேண்டாம், பழைய ஆட்டம் அழியவில்லை. வெளியேறி, நுழைவுத் திரையில் பழைய சர்வரைத் தேர்ந்தெடுத்தால் எல்லாம் அப்படியே இருக்கும். கணக்கைத் தொடங்கும்போது எந்த மண்டலம் என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கென்ஷினில் அன்றாட வேலைகள் புதுப்பிக்கப்படுவது சர்வரின் கடிகாரப்படி அதிகாலை 4 மணிக்கு. நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் இது மாறாது. ஆசிய சர்வரில் ஆடுகிறவர் ஐரோப்பாவுக்குப் போனால் அந்த நேரம் அங்கே இரவு உணவு வேளையாகவோ இரவின் தொடக்கமாகவோ வரும். ஊர் மாறியதும் இதை ஒருமுறை கணக்குப் போட்டுவிட்டால் அன்றைய வேலைகள் தவறாது.

இரண்டாவது பொறி இதை விடப் பெரியது: நுழையும் முறை. ஐபேடில் ‘ஆப்பிள் மூலம் நுழை’ என்பதைத் தட்டுகிறீர்கள். அப்போது மின்னஞ்சலை மறைக்கும் வசதியைத் தேர்ந்தெடுத்தால் ஆப்பிள் ஒரு மாற்று முகவரியைக் கேமுக்குக் கொடுக்கும். பிறகு ஆண்ட்ராய்டு ஃபோனில் ‘கூகுள் மூலம் நுழை’ என்கிறீர்கள். கேமைப் பொறுத்தவரை இப்போது இரண்டு வெவ்வேறு ஆட்கள் இருக்கிறார்கள், இரண்டு ஆட்டங்கள் ஓடுகின்றன. ‘விருந்தினர்’ என்று நுழைந்து ஆடுவது இன்னும் மோசம். அந்த ஆட்டம் அந்தக் கருவியைத் தாண்டாது, கேமை நீக்கினால் அதுவும் போய்விடலாம்.

இதற்கு நான் சொல்வது ஒன்றுதான்: எல்லாக் கேம்களுக்கும் ஒரே மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்து, கடவுச்சொல்லோடு நேரடிக் கணக்குத் தொடங்குங்கள். ஏற்கெனவே ஆப்பிள் வழியாகவோ விருந்தினராகவோ தொடங்கியிருந்தால், கேமின் அமைப்புகளில் கணக்கை இணைக்கும் பகுதிக்குப் போய், ஆட்டம் முன்னேறியிருக்கும் கருவியிலிருந்து அந்த மின்னஞ்சலை இணையுங்கள். முன்னேறாத கருவியிலிருந்து இணைத்தால் வெறும் ஆட்டம் அந்த முகவரியோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரித்தெடுப்பது பெரும்பாடு. அப்புறம், இரட்டைச் சரிபார்ப்புக் குறியீடு எங்கே வருகிறது என்றும் பாருங்கள். வெளிநாட்டில் வேறு சிம் போட்ட பிறகு, குறுஞ்செய்தி பழைய எண்ணுக்குத்தான் போகும். மின்னஞ்சலுக்கோ குறியீடு உருவாக்கும் செயலிக்கோ மாற்றிவிட்டுக் கிளம்புங்கள்.

மூன்றாம் படி: கிளம்புவதற்கு முன் ஒரு சோதனை

கடைப் பக்கத்தில் எழுதியிருப்பதை நம்பி விமானம் ஏறக் கூடாது. ஸ்டீமில் கேமின் பக்கத்தில் வலது ஓரம் Steam Cloud என்று இருந்தால் அது கணினிக்குக் கணினி மட்டும் என்று பொருள். ஃபோன் கடைகளில் ‘சிங்க் ஆகும்’ என்று எழுதியிருந்தால், எதோடு சிங்க் ஆகும் என்பது விளக்கத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் அதே கடையின் கருவிகளுக்குள் மட்டும் என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு.

வீட்டில் நல்ல வைஃபை இருக்கும்போதே சோதித்துவிடுங்கள். முதல் கருவியில், பார்த்தவுடன் அடையாளம் தெரிகிற ஒரு சிறு மாற்றத்தைச் செய்யுங்கள். ஒரு பொருளை வாங்குங்கள், அல்லது பாத்திரத்தின் தொப்பியை மாற்றுங்கள். முறையாக வெளியேறுங்கள். இரண்டாவது கருவியில் திறந்து அந்தத் தொப்பியைத் தேடுங்கள். வந்துவிட்டதென்றால் சோதனை பாதிதான் முடிந்தது. இரண்டாவதிலிருந்து முதலாவதுக்கு இன்னொரு மாற்றத்தை அனுப்பிப் பாருங்கள். ஒரு திசையில் மட்டும் போய், மறு திசையில் நின்றுவிடும் கேம்களும் உண்டு. ஒரு கருவியில் கேம் பழைய பதிப்பாக இருப்பது அதற்கு வழக்கமான காரணம்.

மூன்றாவது சோதனைதான் பயணிக்கு முக்கியம். ஒரு கருவியை ஏர்பிளேன் மோடில் போட்டு ஆடுங்கள், வெளியேறுங்கள், பிறகு இணையத்தை இணையுங்கள். இணையம் இல்லாமல் கேம் திறக்கிறதா, திரும்ப இணைந்ததும் அந்த ஆட்டம் மேலே ஏறுகிறதா, இல்லை மேகத்தில் இருந்த பழையது கீழே வந்து அதை மூடிவிடுகிறதா? மூன்றுக்கும் விடை கிடைத்துவிட்டால் அந்தக் கேமைப் பற்றி உங்களுக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது.

இந்தச் சோதனையின்போது ஒன்றில் மிகுந்த கவனம் வேண்டும். புதிதாக நிறுவிய கேமைத் திறந்ததும் ‘புதிய ஆட்டம்’ திரை வந்தால் உடனே ஆடத் தொடங்காதீர்கள். ஐகிளவுட் போன்றவை எப்போது இறக்கி முடித்தன என்று திரையில் சொல்வதில்லை. சேவ் ஃபைல் இறங்குவதற்குள் நீங்கள் புதிய ஆட்டத்தைத் தொடங்கிவிட்டால், அந்த வெற்று ஆட்டம் ‘இப்போதுதான் சேமித்தது’ என்ற தகுதியோடு மேலே ஏறி, பழையதை அழிக்கக்கூடும். கேமை முழுக்க மூடிவிட்டு, சில நிமிடங்கள் வைஃபையில் வைத்திருந்து, மறுபடி திறந்து பாருங்கள். அப்போதும் வரவில்லையென்றால் ஐபேடின் அமைப்புகளில் உங்கள் பெயரைத் தட்டி, ஐகிளவுட் பகுதியில் அந்தக் கேமுக்கான பொத்தான் இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இலவச ஐகிளவுட் இடம் 5 ஜிபிதான். படங்களால் அது நிரம்பியிருந்தால் சேவ் ஃபைலும் ஏறாமல் நின்றுவிடும்.

ஆண்ட்ராய்டில் இன்னொரு குழப்பம். கூகுள் கணக்கில் ஃபோனின் காப்புநகல் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்து, கேமும் அதில் போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அந்தக் காப்புநகல் ஒரு செயலிக்கு 25 எம்பி வரைதான் எடுக்கும், அதுவும் செயலியை மீண்டும் நிறுவும்போதுதான் திரும்ப வரும். நாளுக்கு நாள் கருவி மாற்றி ஆடுவதற்கு அது பயன்படாது.

நான்காம் படி: கைமாற்றும் ஒழுங்கு

ஸ்டீம் கிளவுட் இரண்டு தருணங்களில் வேலை செய்கிறது: கேமைத் திறக்கும்போது இறக்குகிறது, மூடும்போது ஏற்றுகிறது. நடுவில் நீங்கள் கேமுக்குள் எத்தனை முறை சேமித்தாலும் அது லேப்டாப்பிலேயே இருக்கும். கேமை ஓடவிட்டபடியே லேப்டாப்பின் மூடியைச் சாத்தினால் கேம் மூடப்படவில்லை, தூங்குகிறது. மேகத்துக்கு எதுவும் போகவில்லை. பயணத்தில் சேவ் ஃபைல் சிக்கல்களுக்கு இதுதான் முதல் காரணம் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். விமானத்தில் ஏற அழைக்கும்போது எல்லோரும் செய்வது மூடியைச் சாத்துவதுதான்.

ஆகவே வரிசை இதுதான். கேமுக்குள் சேமியுங்கள். தலைப்புத் திரைக்குப் போய் கேமை விட்டு வெளியேறுங்கள். ஸ்டீமில் அந்தக் கேமின் பக்கத்தில், ஆடும் பொத்தானுக்கு அருகே Cloud Status என்ற இடத்தைப் பாருங்கள். Up to date என்று வந்த பிறகு மூடியைச் சாத்துங்கள். அடுத்த கருவியை அதற்குப் பிறகுதான் தொட வேண்டும். ஃபோனிலும் டேப்லெட்டிலும் இப்படி ஒரு நிலைகாட்டி பெரும்பாலும் இருப்பதில்லை. அங்கே கேமிலிருந்து முகப்புத் திரைக்கு வந்து, இணையம் இருக்கும்போதே சிறிது நேரம் காத்திருப்பதுதான் வழி. வந்த கையோடு ஏர்பிளேன் மோடைத் தட்டாதீர்கள்.

விடுதி வைஃபையில் ஒரு விசேஷத் தொல்லை உண்டு. வைஃபை குறி முழுதாகத் தெரியும், ஆனால் அறை எண் கேட்கும் பக்கத்தை நீங்கள் இன்னும் தாண்டியிருக்க மாட்டீர்கள். அந்த நிலையில் திறக்கும் கேம் இணையம் இல்லை என்று முடிவுசெய்து, லேப்டாப்பில் இருக்கும் பழைய சேவ் ஃபைலோடு தொடங்கிவிடும். கேமைத் திறப்பதற்கு முன் உலாவியில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். நுழைவுப் பக்கம் தானாக வராவிட்டால் `http://neverssl.com` என்ற முகவரியைத் தட்டினால் வந்துவிடும்.

கடிகாரத்தையும் தொட வேண்டாம். ஊர் மாறும்போது நேர மண்டலத்தை மாற்றுவது வேறு, முள்ளை நகர்த்துவது வேறு. கருவிகள் உள்ளுக்குள் உலகப் பொதுநேரத்தில்தான் சேமித்த நேரத்தைக் குறிக்கின்றன. மண்டலம் மாறினால் அந்த நேரம் மாறாது. ஆனால் மண்டலத்தை அப்படியே விட்டுவிட்டு, டேப்லெட்டில் மணியை மட்டும் கையால் 4 மணி நேரம் முன்னே தள்ளினீர்கள் என்று வையுங்கள். இப்போது அந்த டேப்லெட் எதிர்காலத்தில் இருக்கிறது. காலை 9 மணிக்கு அதில் சேமித்தது பகல் 1 மணி என்று பதிவாகும். 11 மணிக்கு ஃபோனில் இன்னும் முன்னேறிச் சேமித்தாலும், நேரத்தை மட்டும் வைத்து முடிவெடுக்கும் கேம் டேப்லெட்டில் இருப்பதே புதியது என்று எண்ணி ஃபோனின் ஆட்டத்தை மூடிவிடும். எல்லாக் கருவிகளிலும் தானியங்கி நேரம், தானியங்கி மண்டலம் இரண்டையும் இயக்கிவைத்தால் இந்தச் சிக்கலே வராது.

ஐந்தாம் படி: மேகம் எட்டாத இடத்தில் கையால் கொண்டுபோவது

விமானத்தில் ஆடச் சிறந்த கேம்கள் பல, கருவிக்குக் கருவி மேகத்தால் தாண்டாதவை. பண்ணை நடத்தும் கேமான ஸ்டார்டியூ வேலி அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கணினியில் ஸ்டீம் கிளவுட் உண்டு. ஆனால் கணினிப் பண்ணை ஐபேடுக்குத் தானாக வராது. கையால் கொண்டுபோகலாம். லேப்டாப்பிலிருந்து ஐபேடுக்கு மாற்றுவதை முழுதாகப் பார்ப்போம், ஏனென்றால் இந்த முறை புரிந்தால் மற்ற பல கேம்களுக்கும் அதுவே போதும்.

முதலில் பதிப்பு எண்ணைப் பாருங்கள், இரண்டு கருவியிலும். பழைய பதிப்பில் சேமித்த பண்ணையைப் புதிய பதிப்பு திறக்கும், புதியதில் சேமித்ததைப் பழையது திறக்காது. இது சும்மா எச்சரிக்கை அல்ல: 1.6 பதிப்பு கணினிக்கு 2024 மார்ச்சில் வந்தது, ஃபோன்–டேப்லெட்டுகளுக்கு அதே ஆண்டு நவம்பரில்தான் வந்தது. இடைப்பட்ட மாதங்களில், 1.6-இல் சேமித்த கணினிப் பண்ணையை ஐபேடுக்குக் கொண்டுபோக வழியே இல்லை. கணினியில் மாட் எனப்படும் ரசிகர் இணைப்புகளைப் போட்டு ஆடுகிறவர்கள் இந்த முறையை விட்டுவிடுவது நல்லது. ஐபேடில் இல்லாத பொருட்கள் பண்ணையில் இருந்தால் ஏதாவது ஒன்று உடையும்.

அடுத்து, லேப்டாப்பில் பாத்திரத்தைப் படுக்கையில் தூங்கவைத்து நாளை முடியுங்கள். கணினியில் இந்தக் கேம் சேமிப்பது அப்போதுதான். பகலின் நடுவில் வெளியேறினால் அன்று செய்தது எதுவும் கோப்பில் இருக்காது. கேமை மூடுங்கள். விண்டோஸின் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, எதையும் தொடுவதற்கு முன் ஒரு நகல் எடுத்துவையுங்கள்:

```
xcopy "%AppData%\StardewValley\Saves" "%UserProfile%\Documents\SavesCopy" /E /I /Y
```

இப்போது `%AppData%\StardewValley\Saves` என்பதை ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் ஒட்டித் திறந்தால், பாத்திரத்தின் பெயரும் அடிக்கோடும் ஒரு நீண்ட எண்ணும் சேர்ந்த ஃபோல்டர் தெரியும். உள்ளே அதே பெயரில் ஒரு கோப்பு, அதோடு `SaveGameInfo` என்று இன்னொன்று. இந்த இரண்டும் சேர்ந்துதான் பண்ணை. கோப்புகளைத் தனியாக எடுக்காதீர்கள், பெயரையும் மாற்றாதீர்கள். ஃபோல்டரை அப்படியே கொண்டுபோக வேண்டும். `_old` என்று முடியும் கோப்புகள் முந்தைய நாளின் நகல்கள். புதிய கோப்பு கெட்டுப்போனால், அதை அப்புறப்படுத்திவிட்டு இவற்றின் பெயரிலிருந்து `_old` என்பதை நீக்கினால் ஒரு நாள் பின்னே போய்த் தொடரலாம்.

ஐபேடில் கேமை முழுக்க மூடிவிட்டு, கேபிளால் லேப்டாப்போடு இணையுங்கள். ஐடியூன்ஸிலோ, ஆப்பிள் டிவைசஸ் செயலியிலோ ஐபேடைத் தேர்ந்தெடுத்து, கோப்புப் பகிர்வுப் பகுதியில் ஸ்டார்டியூ வேலியைத் தட்டி, அந்த ஃபோல்டரை இழுத்துப் போடுங்கள். கேபிளைக் கழற்றிவிட்டு ஐபேடில் கேமைத் திறந்தால் பட்டியலில் பண்ணை இருக்க வேண்டும். தேதியும் கையிருப்புப் பணமும் லேப்டாப்பில் பார்த்ததுபோல இருக்கிறதா என்று சரிபாருங்கள். திரும்பும் வழியும் இதேதான், தலைகீழாக. ஐபேடில் நடு நாளில் விட்டுவிட்டு வந்தாலும் அங்கிருந்தே தொடர முடியும். ஆனால் அந்த வசதி ஐபேடுக்குள் மட்டும். லேப்டாப்புக்கு மாற்றும் முன் அங்கேயும் தூங்கி நாளை முடிக்க வேண்டும்.

இந்த முறையில் ஒரு பயணத்துக்கு ஒரு கருவிதான் சொந்தக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது ஐபேடுக்கு மாற்றினால், திரும்பி வந்து மாற்றும்வரை லேப்டாப்பில் அந்தப் பண்ணையைத் திறக்கவே வேண்டாம்.

சேவ் ஃபைலை நகர்த்தாமலேயே ஆடவும் ஒரு வழி உண்டு. ஸ்டீம் லிங்க் செயலியை ஃபோனிலோ டேப்லெட்டிலோ நிறுவினால், வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் திரை உங்களிடம் வரும், தொடுதல்கள் அங்கே போகும். வீட்டுக் கணினி தூங்கிவிடாதபடி அமைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும், விடுதி இணையமும் நன்றாக இருக்க வேண்டும். ஜிஃபோர்ஸ் நவ் போன்ற சேவைகள் வீட்டுக் கணினிக்குப் பதில் தங்கள் கணினியைத் தருகின்றன. 720பி தரத்துக்கே நொடிக்கு 15 மெகாபிட் வேகம் கேட்கின்றன. நிதானமான பண்ணை, சீட்டு, வியூக ஆட்டங்களுக்கு இவை பரவாயில்லை. கணப்பொழுதில் குதிக்க வேண்டிய ஆட்டங்களுக்குப் பொது வைஃபையில் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆறாம் படி: இரண்டு சேவ் ஃபைல் மோதிக்கொண்டால்

ஒரு பயணத்தை எடுத்துக்கொள்வோம். ஸ்டீமில் வாங்கிய ஸ்டார்டியூ வேலி, கோடைக்காலம் 14-ஆம் நாளில் மேகத்தில் இருக்கிறது. விமானத்தில் இணையம் இல்லாமல் லேப்டாப்பில் 20-ஆம் நாள் வரை ஆடுகிறீர்கள். கேமை மூடும்போது பிற்பகல் 2 மணி. இரவில், விடுதி அறையில் லேப்டாப்பைத் திறக்கச் சோம்பல்பட்டு, டேப்லெட்டில் ஸ்டீம் லிங்க் வழியாக வீட்டுக் கணினியில் அதே பண்ணையைத் திறக்கிறீர்கள். வீட்டுக் கணினிக்கு விமானத்தில் ஆடியது தெரியாது, 14-ஆம் நாளைத்தான் காட்டும். அந்த இடத்திலேயே நிறுத்தி, லேப்டாப்பை இணையத்தில் இணைத்து, ஸ்டீமில் கேமை ஒருமுறை திறந்து மூடி, Up to date வந்த பிறகு டேப்லெட்டுக்குத் திரும்பியிருந்தால் எல்லாம் சுமுகம். அப்படிச் செய்யாமல் 16-ஆம் நாள் வரை ஆடி, இரவு 9 மணிக்கு மூடிவிட்டீர்கள் என்று வையுங்கள்.

மறுநாள் லேப்டாப்பில் ஸ்டீம் ஒரு கேள்வி கேட்கும்: கருவியில் இருப்பதா, மேகத்தில் இருப்பதா? ஒவ்வொன்றின் பக்கத்திலும் சேமித்த நேரம் இருக்கும். மேகத்தில் இருப்பது இரவு 9 மணி, அதுதான் புதியது. அதைத் தேர்ந்தெடுத்தால் விமானத்தில் ஆடிய நாட்கள் போய்விடும். நேரம் புதியது என்பதற்கு ஆட்டம் முன்னேறியது என்று பொருளில்லை. ஸ்டீமுக்குக் கோப்பின் நேரம் மட்டும்தான் தெரியும், பண்ணையின் நாள் தெரியாது.

எனவே அந்தக் கேள்வி வந்தவுடன் எதையும் தட்டாதீர்கள். சாளரத்தை அப்படியே விட்டுவிட்டு, மேலே கொடுத்த கட்டளையால் சேவ் ஃபோல்டரை நகல் எடுங்கள். விமானத்தில் ஆடிய 20-ஆம் நாள் இப்போது பாதுகாப்பாக இருக்கிறது. பிறகு எதைத் தேர்ந்தெடுத்தாலும் சரி. எந்தக் கருவியில் எவ்வளவு ஆடினோம் என்பது நினைவில் தெளிவாக இருந்தால், கருவியில் இருப்பதையே தேர்ந்தெடுங்கள், 20-ஆம் நாள் மேகத்துக்கு ஏறும். சந்தேகமாக இருந்தால் மேகத்தில் இருப்பதைத் தேர்ந்தெடுத்து, கேமுக்குள் போய் நாளைப் பாருங்கள். 16 என்று காட்டினால், தூங்காமல் வெளியேறி, நகலில் இருக்கும் ஃபோல்டரைப் பழைய இடத்தில் ஒட்டிவிட்டு மறுபடி திறங்கள். கேமுக்குள் 20-ஆம் நாள் வந்துவிட்டதா என்று பார்த்து, அடுத்த நாளுக்குத் தூங்கி, முறையாக மூடுங்கள். ஸ்டீம் அதைப் புதியது என்று மேலே ஏற்றிக்கொள்ளும்.

ஃபோன் கேம்களில் இந்தக் கேள்வி வேறு உருவில் வரும். இரண்டு ஆட்டங்களின் லெவலையும் காட்டி எதை வைத்துக்கொள்வது என்று கேட்கும் கேம்கள் நல்லவை. அங்கே லெவலைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள், தேதியைப் பார்த்து வேண்டாம். தேர்ந்தெடுக்கும் முன் திரையை ஒரு படம் எடுத்துவையுங்கள். தவறிப்போனால் கேமின் உதவிப் பிரிவுக்கு எழுதும்போது, கணக்கின் எண், லெவல், ஏறக்குறைய எந்த நேரம் என்ற மூன்றும் அந்தப் படத்திலேயே பெரும்பாலும் இருக்கும். சர்வரில் ஓடும் கேம்களில் அவர்களால் திருப்பித் தர முடிகிற வாய்ப்பு உண்டு. ஐகிளவுடிலும் பிளே கேம்ஸிலும் இருக்கும் சேவ் ஃபைல் உங்கள் சொந்தக் கணக்கின் இடத்தில் இருப்பதால், அழிந்ததை மீட்க அவர்கள் கையில் பெரும்பாலும் எதுவும் இருக்காது. அந்த வகைக் கேம்களில், பழைய ஆட்டம் இன்னும் இருக்கும் கருவி ஒன்றாவது கையில் இருந்தால், அதை உடனே ஏர்பிளேன் மோடில் போடுங்கள். மேகத்திலிருந்து புதிய தவறு அதில் இறங்குவதற்குள் அந்த ஆட்டத்தைக் காப்பாற்றிவிடலாம். பிறகு அதில் சிறிது ஆடிப் புதிதாகச் சேமித்துவிட்டு இணையத்தை இணைத்தால், நேரத்தை வைத்து முடிவெடுக்கும் கேம்களில் அதுவே புதியதாக மேலே ஏறும்.